பட்டியாலா ஜுத்தி: கல்யாணத்துக்கு வந்த ஜோடி கடிக்கிறது, நான்கு வாரத்தில் பழக்க முடியுமா?

நொய்யல்காரன்

வணக்கம். டிசம்பரில் எனக்குத் திருமணம். பெண் வீடு பட்டியாலா. காலையில் குருத்வாராவில் ஆனந்த் காரஜ் என்ற சீக்கியத் திருமணச் சடங்கு, மாலையில் புல்வெளியில் வரவேற்பு. அதற்கு முன் ஊர்வலம் உண்டு. மேளத்துக்கு ஆட வேண்டுமாம். ஷெர்வானிக்குப் பொருத்தமாகப் பெண் வீட்டார் அங்கேயே கையால் தைத்த ஜுத்தி என்ற பஞ்சாபித் தோல் செருப்பு ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். முனை லேசாக மேல்நோக்கி வளைந்தது, பொன் ஜரிகை வேலை, தட்டையான தோல் அடி. பார்க்க அருமை, போட்டால் கொடுமை. இரண்டு இடத்தில் கடிக்கிறது: பின்னால் குதிகாலுக்கு மேலே விளிம்பு அறுக்கிறது, வலது காலில் சுண்டுவிரல் பக்கம் நசுக்குகிறது. இதில் இடது வலது என்ற வித்தியாசமே தெரியவில்லை. தவறான ஜோடியை அனுப்பிவிட்டார்களா? மாற்றித் தரச் சொல்லலாமா, அல்லது பழகிவிடுமா? நான்கு வாரம் இருக்கிறது.

வேகவழி

பழகிவிடும், கவலை வேண்டாம். தோல் என்றால் தளரத்தான் செய்யும். உண்மையில் ஜுத்தியை ஒரு அளவு சிறியதாகத்தான் வாங்க வேண்டும். தடித்த காலுறை இரண்டு போட்டு, ஜுத்திக்குள் காலை நுழைத்து, தலைமுடி உலர்த்தியால் ஐந்து நிமிடம் சூடு காட்டுங்கள். ஒரே மாலையில் வேலை முடிந்தது.

பாலாற்றங்கரை

நொய்யல்காரன் தம்பி, உலர்த்தியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் வேலையிலும் பிறகு செருப்புத் தொழிலிலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஜுத்தியின் அடி பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். அங்கே கருவேலம்பட்டை, நம் ஊரில் ஆவாரம்பட்டை. இந்த வகைத் தோல் சூட்டைத் தாங்காது, ஈரமாக இருக்கும்போது அறவே தாங்காது, சுருங்கி விறைத்துவிடும். ஓடு போல ஆன பின் அதைத் திரும்ப இளக்க வழியில்லை.

வேகவழி சொன்னதில் பாதி சரி. தோல் தளரும், ஆனால் அகலத்தில்தான் தளரும். நீளத்தில் தளராது. முனையில் விரல் முட்டினால் அந்த ஜோடி உங்களுக்கு இல்லை. எவ்வளவு நாள் போட்டாலும் முட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இடது வலது இல்லாதது தவறு அல்ல. பழைய முறை ஜுத்தி ஒரே நேரான மரக்கட்டையை உள்ளே வைத்துத் தைக்கப்படுவது. காலுக்கு ஏற்ற வடிவத்தைக் கால்தான் கொடுக்க வேண்டும்.

எதையும் சொல்லும் முன் ஒன்று செய்யுங்கள். மாலையில், நாள் முழுவதும் நடந்த பிறகு, தரையில் கெட்டி அட்டையை வைத்து அதன்மேல் முழு எடையையும் போட்டு நில்லுங்கள். வேறு ஒருவர் பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையட்டும். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. கோட்டின்மேலேயே வெட்டி, அந்த அட்டைப் பாதத்தை ஜுத்திக்குள் நுழையுங்கள். குதிகால் பின்னால் ஒட்டியிருக்கும்போது முன்னால் மடங்கினால் நீளம் போதாது. ஓரம் மட்டும் மேலே சுருண்டால் அகலம் போதாது. எந்த இடத்தில் சுருள்கிறது என்பதைப் பென்சிலால் குறித்து எழுதுங்கள்.

மாம்பலத்து மாமா

நல்ல கேள்வி. எங்கள் வீட்டிலும் தை மாதம் கல்யாணம். காசி யாத்திரைக்கு மாப்பிள்ளைக்குக் குடை, விசிறி, தடி, செருப்பு எல்லாம் வேண்டும். ரப்பர் செருப்பை வாங்கி வைத்துவிடுகிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. கையால் செய்த தோல் செருப்பு சென்னையில் எங்கே கிடைக்கும்? மண்டபத்து வாசல் வரை பத்து அடி நடந்தால் போதும், கடித்தாலும் பரவாயில்லை.

சண்டிகர்ச் செல்வி

மாமா, உங்கள் மாப்பிள்ளை பத்து அடி நடந்ததும் மைத்துனர் வந்து திருப்பி அழைத்துவிடுவார். தம்பியின் நிலைமை அப்படி இல்லை, ஊர்வலத்தில் ஒரு மணி நேரமாவது ஆட விடுவார்கள்.

நான் இங்கே வந்து குடியேறி வெகு காலம் ஆகிறது. ஜுத்தி இல்லாத வீடு இங்கே கிடையாது. தம்பி, கடிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். பழைய வீடுகளில் புது ஜுத்திக்குள் கடுகெண்ணெய் தடவி இரவெல்லாம் வைத்துவிடுவார்கள். மறுநாள் தோல் வெண்ணெய் மாதிரி இளகியிருக்கும். அதோடு முதல் கொஞ்ச நாளுக்கு இடதை வலதில், வலதை இடதில் மாற்றி மாற்றிப் போடுவார்கள். அப்படிப் போட்டால் ஒரு பக்கமாகச் சாயாமல் சமமாகத் தேயும்.

இன்னொன்று. காலையில் குருத்வாராவில் ஜுத்திக்கு வேலை இல்லை. வாசலில் செருப்பு வைக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, தலையை மூடிக்கொண்டு வெறுங்காலுடன்தான் உள்ளே போக வேண்டும். போன ஜுத்தி திரும்பி வருமா என்பது வேறு விஷயம். மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைத்துக் காசு கேட்பது மைத்துனிகளின் உரிமை. காரில் இன்னொரு ஜோடி வைத்திருங்கள், அதுவும் பழகிய ஜோடியாக.

பாலாற்றங்கரை

அம்மா சொல்வது அன்றாடம் போடுகிற, வேலைப்பாடு இல்லாத தோல் ஜுத்திக்குச் சரி. கல்யாண ஜுத்தி வேறு. மேலே வெல்வெட்டோ பட்டோ ஒட்டி, அதன்மேல் ஜரிகை வேலை செய்திருப்பார்கள். உள்ளே ஊற்றிய எண்ணெய் தோலைத் தாண்டித் துணிக்கு ஏறும். மேலே கறுத்த திட்டு வந்தால் போகாது, அதில் தூசியும் ஒட்டும். தம்பியின் ஜுத்தியில் மேலே துணியா, தோலா?

மாற்றிப் போடுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. வருஷக்கணக்கில் உழைக்க வேண்டிய செருப்புக்கு அது நல்லது. நான்கு வாரத்தில் தயாராக வேண்டிய செருப்பு தினமும் வேறு காலைப் பார்த்தால் எந்தக் காலின் வடிவத்தையும் பிடிக்காது. இன்றே உட்பக்கத்தில் பேனாவால் இ, வ என்று எழுதிவிடுங்கள்.

சண்டிகர்ச் செல்வி

அதெப்படி? என் மாமியார் வீட்டில் கல்யாண ஜுத்தியையும் மாற்றித்தான் போட்டுப் பழக்கினார்கள், யாருக்கும் கொப்புளம் வரவில்லை. ஒரே காலில் போட்டால் சுண்டுவிரல் பக்கம் பிதுங்கி, புகைப்படத்தில் கோணலாகத் தெரியும். நேராக, ஒல்லியாக நிற்பதுதான் ஜுத்திக்கு அழகு.

பாலாற்றங்கரை

அழகா, கால் தோலா என்று கேட்டால் நான் கால் பக்கம். உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எண்ணெய் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நொய்யல்காரன்

ஐயா, அட்டையில் வரைந்து வெட்டிப் பார்த்தேன். இடது பாதம் 26.2 செ.மீ., வலது 26.6 செ.மீ. இரண்டும் நீளத்தில் மடங்காமல் உள்ளே போகின்றன. வளைந்த முனை மட்டும் காலியாக இருக்கிறது. வலது அட்டை சுண்டுவிரல் முட்டிக்கு நேரே ஒரு விரல் நீளத்துக்குச் சுருள்கிறது. இடது லேசாகத்தான்.

மேலே துணி இல்லை, தோல்தான். பழுப்பு நிறம். ஜரிகை முன்பக்கம், விரல்களுக்கு மேலே அடர்த்தியாக இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு மெல்லிய கொடி மட்டும் ஓடுகிறது.

தையலையும் பார்த்துச் சொல்லுங்கள். கைத்தையல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடியின் ஓரத்தில் பருத்தி நூல் தெரிகிறது, கொஞ்சம் சாய்வாக, எல்லாம் ஒரே அளவாக இல்லை.

பாலாற்றங்கரை

நல்ல செய்தி. நீளம் சரி, அடர்த்தியான ஜரிகை நசுக்கும் இடத்தில் இல்லை. ஜரிகை நிரம்பிய பகுதி தளராது. இழுத்தால் உலோக இழை அறுந்து, ஊசி போன ஓட்டைகள் வாய் திறக்கும். வெறும் தோலும் ஒற்றைக் கொடியும் உள்ள இடத்தை நிதானமாக விரிக்கலாம். இதே நசுக்கல் ஜரிகைக்கு அடியில் இருந்திருந்தால் திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பேன்.

இப்போது தையல். ஜுத்தியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். நூல் ஒரு சிறு பள்ளத்துக்குள் பதிந்து ஓடுகிறதா, மேலே துருத்திக்கொண்டிருக்கிறதா? துருத்தினால் தார்ச் சாலையில் ஆடும்போது முதலில் தேய்வது நூல்தான். பிறகு முன்பாதத்தில், விரல்கள் மடங்கும் இடத்தில், ஜுத்தியைக் கையால் பாதியளவு வளைத்துப் பிடித்து, மேல்தோலும் அடியும் சேரும் கோட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். இடைவெளியில் வெளிச்சம் தெரியக் கூடாது. பசையால் மட்டும் ஒட்டி, மேலே அலங்காரத்துக்கு ஒரு தையல் ஓட்டிய சரக்கு இந்த வளைப்பிலேயே வாயைப் பிளக்கும். சாய்வும் சிறு ஏற்ற இறக்கமும் கை போட்ட தையலின் அடையாளம்தான். ஆனால் இரண்டு தையலுக்கு நடுவே திடீரென்று பெரிய இடைவெளி இருந்தால், அது கையின் களைப்பு. அங்கேதான் முதலில் விடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் இரு பக்கமும், முன்துண்டும் பின்துண்டும் சேரும் மூட்டு. காலை நுழைக்கும்போது முழு இழுப்பும் அங்கேதான். அந்த மூட்டின் மேல்முனையில் நூல் இரண்டு மூன்று முறை திரும்பிச் சுற்றி முடிந்திருக்க வேண்டும். ஒற்றை ஓட்டமாக முடிந்திருந்தால், கல்யாணத்துக்கு முன்பே உள்ளூரில் செருப்புத் தைப்பவரிடம் நாலு தையல் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். ஜரிகையின் பின்பக்க முடிச்சுகள் உள்தோலுக்கு மேலே வந்திருந்தால் விரல் முதுகைக் கீறும். கைக்குத் தெரிவது காலுக்குப் பத்து மடங்கு தெரியும்.

வைகைக்கரைப் பெண்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் தை மாதம் கல்யாணம், வரவேற்புக்கு லெஹங்கா. இணையத்தில் ஒரு ஜுத்தி வாங்கினேன். போட்ட அன்று மெத்தென்று கச்சிதமாக இருந்தது. வீட்டில் கொஞ்சம் நடந்த பிறகு இப்போது நடந்தால் பின்பக்கம் கழன்று கழன்று விழுகிறது. என் கால் சுருங்கியா போகும்?

சண்டிகர்ச் செல்வி

தங்கச்சி, உள்ளே பஞ்சு மெத்தை வைத்த ஜுத்தியா? இப்போது எல்லா இடத்திலும் அதுதான். கடையில் போட்டவுடன் சொகுசாக இருக்கும். பஞ்சு அமுங்கினதும் கால் கீழே இறங்கும், மேல்தோலுக்கும் காலுக்கும் நடுவே இடம் வந்துவிடும். பழைய ஜுத்தியில் கால் நேராகத் தோலின்மேல் உட்காரும். ஆரம்பத்தில் கடினம், பிறகு ஒரே மாதிரி.

பாலாற்றங்கரை

அதேதான். அமுங்கிய பஞ்சின்மேல் இன்னொரு பஞ்சை வைக்காதீர்கள், அதுவும் அமுங்கும். பாத அளவுக்கு வெட்டிய மெல்லிய தோல் துண்டைப் பஞ்சுக்கு மேலே போட்டுப் பாருங்கள். முன்பாதம் மட்டும் தளர்வாக இருந்தால் அரைத் துண்டு போதும். அதற்கும் நிற்கவில்லை என்றால் நீளமே அதிகம், திருப்பிக் கொடுங்கள். ஜுத்தியில் குதிகாலுக்குப் பின்னால் விரல் நுழைந்தால் அது பெரியது என்று அர்த்தம். கயிறோ வாரோ இல்லாத செருப்பு காலைப் பிடிப்பது அந்த இறுக்கத்தால்தான்.

தம்பி, உங்கள் ஜோடிக்கு வருகிறேன். வலது ஜுத்தியில் குறித்த இடத்துக்கு நேரே உள்தோலை மட்டும், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அடியில் ஈரம் படக் கூடாது. அடி பல அடுக்குத் தோல்களைப் பசை தடவி அடுக்கியது. நனைந்தால் ஊறிப் பிரியும். செருப்புத் தைப்பவரிடம் விரிக்கும் கட்டை இருக்கும். அதில் சுண்டுவிரல் பக்கம் ஒரு சிறு தோல் துண்டை ஒட்டி, உள்ளே வைத்து, கைக்குக் கொஞ்சம் இறுக்கம் தெரியும் வரை மட்டும் திருகச் சொல்லுங்கள். நிழலில் ஒரு இரவு. எடுத்துப் போட்டுப் பார்த்து, தேவையானால் மறுபடியும். ஒரே தடவையில் தீர்த்துவிட வேண்டும் என்று திருகினால் அடித் தையல்தான் இழுபடும்.

பின்விளிம்பு அறுப்பது வேறு வியாதி. அதை விரிக்க வேண்டாம், இளக்க வேண்டும். உள்ளே பின்மையத்தில் தையல் மேடு ஒன்று இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் கட்டையில் மாட்டி மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டித் தட்டையாக்கலாம். விளிம்பை இரு கட்டைவிரல்களால் உள்ளும் வெளியும் மடித்து மடித்துப் பிசையுங்கள். அங்கே, அந்த விளிம்பின் உட்பக்கம் மட்டும், விரல் நுனியில் தொட்ட எண்ணெய் போதும். செல்வி அம்மாவின் கடுகெண்ணெயாகவே இருக்கட்டும்.

பிறகு வீட்டுக்குள், தரைவிரிப்பில், மாலையில் அரைமணி நேரம். காலுறை இல்லாமல்தானே கல்யாணத்தில் போடப் போகிறீர்கள்? அப்படியே பழக்குங்கள். தோல் சிவந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கொப்புளம் வந்த காலோடு பழக்கினால் நடை கோணி, செருப்பும் கோணும்.

வேகவழி

இதற்குப் பேசாமல் ஒரு அளவு பெரியதாக வாங்கியிருக்கலாம்.

சண்டிகர்ச் செல்வி

முதலில் ஒரு அளவு சிறியது என்றீர்கள்!

நொய்யல்காரன்

தகவலுக்காக எழுதுகிறேன். டவுன்ஹால் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ஜுத்தியை வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு அடியின் வெட்டு ஓரத்தில் எச்சில் விரலால் ஒரு புள்ளி வைத்தார். அது உடனே உள்ளே இழுத்துக் கறுத்தது. "பட்டைத் தோல்தான், நம்பி வேலை செய்யலாம்" என்றார். கட்டை வைத்து விரித்ததில் வலது சுண்டுவிரல் இப்போது நிம்மதி. இடது பக்க மூட்டில் தையல் ஒற்றை ஓட்டமாகத்தான் இருந்தது. நாலு தையல் போட்டுக் கொடுத்தார். பின்விளிம்பு இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது, ஆனால் அறுக்கவில்லை.

புதுக் கவலை ஒன்று. வீட்டு டைல்ஸ் தரையில் வழுக்குகிறது. அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டித் தரட்டுமா என்று அவரே கேட்டார். ஒட்டலாமா?

சண்டிகர்ச் செல்வி

ஒட்டிவிடுங்கள். டிசம்பர் இரவில் இங்கே புல்வெளி முழுக்கப் பனி இறங்கும். வரவேற்புக்குப் போன எத்தனையோ ஜுத்திகள் அடி ஊறி, மறுநாள் ஓரம் விரிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

பாலாற்றங்கரை

பனி விஷயம் எனக்குத் தோன்றவில்லை, அது நியாயமான காரணம். ஆனாலும் எனக்கு முழு ரப்பரில் விருப்பம் இல்லை. ஒட்டுவதற்கு அடியை உரசிச் சொரசொரப்பாக்குவார்கள்; அந்த உரசலில் தையல் நூலும் சேர்ந்து தேயும். அடியின் வளைவும் குறையும், வளையாத அடி குதிகாலில் கழலும். வழுக்கலுக்கு மட்டும் என்றால் உப்புத்தாளால், தையல் கோட்டைத் தொடாமல், நடுப்பகுதியை லேசாகத் தேய்த்தால் போதும்.

சண்டிகர்ச் செல்வி

உப்புத்தாள் பனியைத் தடுக்குமா ஐயா? இங்கே கடைக்காரர்களே ரப்பர் ஒட்டித்தான் விற்கிறார்கள்.

பாலாற்றங்கரை

தடுக்காது. முன்பாதத்துக்கு மட்டும் ரப்பர் ஒட்டி, தையலை விட்டு உள்ளடங்க வெட்டச் சொல்லலாம். ஓரம் அப்போதும் நனையும். புல்லில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை. நனைந்துவிட்டால் வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைக்க வேண்டாம். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, பக்கவாட்டில் சாய்த்து, காற்றில் உலரவிடுங்கள்.

நொய்யல்காரன்

முன்பாதம் மட்டும் ஒட்டிக்கொள்கிறேன். மைத்துனிகளுக்காக இரண்டாவது ஜோடியும் வாங்கியாயிற்று. அதை இங்கே கடையில், அட்டைப் பாதத்தைக் கையோடு கொண்டுபோய் நுழைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மாம்பலத்து மாமா

எல்லாம் படித்தேன். காசி யாத்திரைக்குக் கோலாப்பூரிச் செருப்பே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். அதற்கும் இதே அட்டை வித்தைதானா?

பாலாற்றங்கரை

இல்லை மாமா. கோலாப்பூரியில் பெருவிரல் வளையம்தான் எல்லாம். வளையம் விரலின் அடியில் உட்கார்ந்து, குதிகால் அடித்தோலுக்கு வெளியே தொங்காமல் இருக்க வேண்டும். வளையத்தின் இடம் தவறினால் எந்தக் கட்டையாலும் சரிசெய்ய முடியாது. மாப்பிள்ளையை நேரில் அழைத்துப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மற்றதைக் கேட்கத் தனி இழை தொடங்குங்கள், இங்கே ஏற்கெனவே மூன்று கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது.